இரட்டைச் சுழி: சிறுகதை வரைவு, கருத்துகள் வேண்டும்

பொதிகைச்சாரல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் முதுநிலை படிக்கப் போன ஒரு பையன் அங்கே முதன்முதலாக முடிவெட்டிக்கொள்ளும் கதை இது. ஜெர்மனியில் நான் இருந்ததில்லை. என் தங்கை மகன் அங்கே படிக்கிறான். அவன் சொன்னதை வைத்தே இடத்தை எழுதியிருக்கிறேன். தகவல் பிழை இருந்தாலும், கதை சரிந்திருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

அக்டோபர் முதல் வாரம் கெம்னிட்ஸ் வந்து சேர்ந்தவன் டிசம்பர் நடுவில்தான் முடிவெட்டக் கிளம்பினான். பத்து வாரத்தில் முடி காதை மூடியிருந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றினால் உச்சியில் ஒரு கொத்து சேவல் கொண்டையைப் போல நிமிர்ந்து நின்றது. விசாவுக்காக முன்பே பணம் கட்டி முடக்கி வைத்த வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். அதில் வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதில் 18 யூரோவை முடிக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ரூபாயில் கணக்குப் போடாதே என்று அறைத் தோழன் சொல்லியிருந்தும், 1,600 ரூபாய்க்கு மேல் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை கடை இருக்காது என்ற ஊர் நினைப்பில் திங்கட்கிழமையே போனான்.

கடையில் கூட்டமில்லை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் காகிதப் பட்டையைச் சுற்றித் துணியைப் போர்த்தியவர், பக்கங்களில் எவ்வளவு விட வேண்டும் என்று ஜெர்மனில் கேட்டார். ‘டிரை’ என்றான். மூன்று என்பது அவன் நன்றாக மனப்பாடம் செய்து வந்த சொல். அவர் மிஷினை எடுத்து, அவன் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினார். அவன் தனக்குத்தானே, ‘மூணு போதுமா, நாலு சொல்லியிருக்கணுமோ’ என்று முணுமுணுத்தான். கண்ணாடிக்குள் அவருடைய கை நின்றது.

‘தம்பி, மூணு மில்லின்னா மண்டத்தோல் தெரியும். நீங்க மூணாம் நம்பரையா சொல்லுதீய?’

அந்தச் ‘சொல்லுதீய’ காதில் விழுந்ததும் அவன் திரும்பிய வேகத்தில் துணி தோளிலிருந்து நழுவியது.

‘அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?’

‘களக்காட்டுக்குக் கிழக்க. நீங்க?’

அவன் ஊரைச் சொன்னான். அவர் மிஷினைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார். ‘உங்க ஊர் முக்குல ஆலமரத்துக்குப் பக்கத்துல ஒரு சலூன் உண்டே. அது எங்க சித்தப்பா மகன் வச்சிருக்கிறது.’

‘ஆமா, உண்டு’ என்றான் அவன்.

பக்கங்களை முடித்து உச்சிக்கு வந்தவர், சீப்பால் கொத்தைத் தூக்கிப் பார்த்தார். ‘இரட்டைச் சுழி. யாரு தம்பி வெட்டினது? கடையில வெட்டின முடி இல்லையே. சுழியில போய் இப்படி ஒட்ட வெட்டியிருக்கு.’

‘அப்பா வெட்டினது.’

‘முக்குல சலூன் இருக்கையில அப்பா எதுக்கு வெட்டணும்?’

அவன் பதில் சொல்லவில்லை. தெருவில் டிராம் ஒன்று வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் அவர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. மிஷினைத் தொடாமல் கத்தரியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பேருக்கு வெட்டியிருக்கலாம்.

எழுந்ததும் 20 யூரோ கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு 2 யூரோ நாணயத்தை எண்ணிக் கையில் வைத்தார். ‘அடுத்த மாசம் வாங்க. சுழியில நான் கத்தரி வைக்கல. அது வளரட்டும். வளர்ந்த பிறகு பார்த்துக்கிடுவோம்.’

---

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

‘சொல்லுதீய’ என்ற இடத்தில் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் முடிவு எனக்கு நிறைவாக இல்லை. அப்பாவே முடி வெட்டுகிற அளவுக்கு வறுமை என்பதைச் சொல்லப் பையன் கூச்சப்படுகிறான் என்று புரிந்துகொண்டேன். அப்படியானால், அதை உணர்ந்த கடைக்காரர் பக்கத்து ஊர்ப் பையனிடம் 18 யூரோவையும் வாங்கிக்கொண்டு சில்லறை எண்ணிக் கொடுப்பது கல்நெஞ்சாகப் படுகிறது. ‘நம்ம ஊர்ப் பிள்ளை, காசு வேண்டாம்’ என்று அவர் சொல்வதைப் போல முடித்தால் வாசகர் மனதில் நிற்கும்.

---

எல்பேக்கரை எழுதியது:

பதினோரு ஆண்டுகளாகச் சாக்சனியில் இருப்பவன் என்ற முறையில் மூன்று செய்திகள்.

முதலாவது, மில்லிமீட்டர் குழப்பம் உண்மை. இங்கே முடிதிருத்துவோர் மில்லிமீட்டரில்தான் கேட்பார்கள். நான் வந்த புதிதில் இதே ‘டிரை’யைச் சொல்லி, இரண்டு மாதம் காதுக்கு மேலே வெளுத்த தோலோடு திரிந்தேன். அதை யாரும் திருத்திக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அதில் சந்தேகமே எழாது. சந்தேகம் எழுந்ததாலேயே அவர் ஊர்க்காரர் என்று தெரிய வருவதாக நீங்கள் அமைத்திருப்பது நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, திங்கட்கிழமை. இங்கே முடிதிருத்தகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை என்பது பழைய வழக்கம். புதிதாக வந்த ஆண்களுக்கான கடைகளில் பல திறந்திருக்கும் என்பதால் உங்கள் கதை பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஊர்ச் செவ்வாய்க்குப் பயந்து திங்களன்று போனவன் முதல் கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, அடுத்த தெருவில் விளக்கெரியும் கடைக்குப் போகிறான் என்று இரண்டு வரி சேர்த்தால், அவன் இந்தக் கடைக்கு ஏன் வந்தான் என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும்.

மூன்றாவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ‘கடைக்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் முடிதிருத்தம் கைவினைத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. கடை நடத்த வேண்டுமானால் ‘மைஸ்டர்’ என்ற தேர்ச்சி பெற்றவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். வேறு சில வழிகள் உண்டு, ஆனால் அவையும் பெரும்பாலும் இங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குத்தான். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர் ஊரில் இருபது ஆண்டு கத்தரி பிடித்திருந்தாலும் இங்கே நேரடியாகக் கடை போட முடியாது. அவரை வேறொருவர் கடையில் வேலை பார்ப்பவராக மாற்றிவிடுங்கள். அவர் எப்படி வந்தார் என்று வாசகர் கேட்டால், மனைவி செவிலியர், அவரோடு குடும்பமாக வந்தவர் என்று அரை வரி போதும். நம் பக்கத்துச் செவிலியர்கள் இங்கே நிறைய வருகிறார்கள். கூடவே வரும் கணவன்மார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாரும் கதை எழுதியதில்லை.

---

தேரா துபாய் எழுதியது:

ஐயா, நல்ல பதிவு. துபாயில் இந்தப் பிரச்சினையே கிடையாது. எங்கள் கட்டிடத்துக்குக் கீழேயே தென்காசிக்காரர் ஒருவர் வெட்டுகிறார். வெட்டி முடித்ததும் தலையைத் தட்டிக் கழுத்தில் சொடக்கு எடுத்துவிடுவார்; ஒரு வாரத்துக்குத் தூக்கம் அருமையாக வரும். என் மைத்துனர் மகன் வரும் அக்டோபரில் லைப்சிக் போகிறான். நீங்கள் சொல்லும் இந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது, லைப்சிக்கிலிருந்து ரயிலில் போய்வர முடியுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

---

பொதிகைச்சாரல் எழுதியது:

துபாய் நண்பரே, இது கற்பனைக் கதை. அப்படி ஒரு கடை எனக்குத் தெரியாது. எல்பேக்கரை அவர்களே, மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். வேலை பார்ப்பவர் என்று மாற்றினால், வாங்கும் 18 யூரோ அவருடையதே அல்ல என்றும் ஆகிவிடுகிறது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

வாசகி அவர்களே, அந்த மௌனத்துக்குக் காரணம் வறுமை அல்ல. அதை நானே விளக்குவதை விட, வேறு யாருக்காவது புரிந்ததா என்று பார்க்க விரும்புகிறேன்.

---

சாணைக்கல் எழுதியது:

எனக்குப் புரிந்தது. வள்ளியூர்ப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா, தாத்தா எல்லாருக்கும் இதே தொழில்தான். தாத்தாவை ஊரில் குடிமகன் என்றுதான் அழைத்தார்கள். காசு கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளப்பார்கள். அப்பா காலத்தில்தான் சலூன் என்று பெயர்ப்பலகை வந்தது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மிஷினில் மாட்டும் சீப்புக்கு எண் ஒன்றுக்கு அரைக்கால் அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே மூன்றாம் நம்பர் என்பது ஏறத்தாழப் பத்து மில்லிமீட்டர். மூன்று மில்லி என்பது ஒன்றாம் நம்பர். பையன் கேட்டதற்கும் சொன்னதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம். அவர் கையை நிறுத்தியது சரி.

இரட்டைச் சுழியில் நீங்கள் எழுதியதும் சரிதான், ஆனால் காரணத்தை விட்டுவிட்டீர்கள். இரண்டு சுழிக்கும் நடுவில் முடி எதிரெதிராக வளரும். அங்கே முடிக்குக் கனம் இருந்தால்தான் படியும். கனத்தைக் குறைத்தால் நிமிரும். வீட்டில் வெட்டுகிறவர்கள் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் வெட்டுவார்கள். ஈரத்தில் எல்லா முடியும் படிந்து கிடக்கும், சுழியே தெரியாது. மற்ற இடத்தின் அளவுக்கு அங்கேயும் வெட்டிவிடுவார்கள். காய்ந்ததும் கொண்டை எழும்பும். இதைப் பார்த்த மாத்திரத்தில் ‘கடையில் வெட்டியதில்லை’ என்று எந்தத் தொழில்காரனும் சொல்லிவிடுவான். ஒட்ட வெட்டுவதென்றால் ஆறு மில்லிக்குக் கீழே போய்விட வேண்டும், இல்லையென்றால் இரண்டு விரற்கடைக்கு மேல் விட வேண்டும். நடுவில் எந்த அளவுக்கு வெட்டினாலும் நிற்கும்.

இனி அந்த மௌனம். முக்கில் சலூன் இருந்தும் அப்பன் மகனுக்கு வீட்டில் வைத்து வெட்டுகிறான் என்றால், அந்தச் சலூன் நாற்காலியில் அந்தத் தெருப் பிள்ளைகளை உட்கார விடுவதில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் களக்காட்டுக்கோ ஏர்வாடிக்கோ பஸ் ஏறிப் போய் வெட்டிக்கொள்வார்கள், இல்லையென்றால் வீட்டில். கடைக்காரர் கேட்டுவிட்டுப் பிறகுதான் தன் சித்தப்பா மகனின் கடையைப் பற்றியே கேட்டிருக்கிறோம் என்று உணர்கிறார். இது எனக்குப் படித்த உடனே விளங்கியது. விளங்கியதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அந்தக் காலத்தில் அப்படி இருந்தது உண்மைதான். ஆனால் 1955-ஆம் ஆண்டிலேயே தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. சேவை மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். இன்று டவுனிலும் பாளையங்கோட்டையிலும் யார் யாருடைய தெருவைக் கேட்கிறார்கள்? காசைக் கொடுத்தால் வெட்டுகிறார்கள். ஜெர்மனி வரை போய்ப் படிக்கும் இன்றைய பையனின் தலையில் இதை ஏற்றுவது காலப் பிழையாகத் தோன்றுகிறது. இன்னொன்று: பத்து வாரத்தில் முடி ஒரே சீராக வளர்ந்து, பழைய வெட்டின் குறைகள் தாமாகவே சமமாகியிருக்கும். அதைக் கண்டுபிடித்தார் என்பதும் நம்பும்படியாக இல்லை.

---

சாணைக்கல் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு மரியாதையுடன். முடி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளர்கிறது என்பதை ஏற்கிறேன். மாதம் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடலாம். ஒரே வேகத்தில் வளர்வதால்தான் குறை சமமாகாது. ஓர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைவாக வெட்டியிருந்தால், பத்து வாரம் கழித்தும் அது ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். முடி நீளமாகும்போது அது கண்ணுக்குத் தெரிவது குறையும், அவ்வளவுதான். பிடரியிலும் பக்கத்திலும் மறைந்துவிடும், உச்சியில் மறையாது.

டவுனைப் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. அங்கே வருகிறவன் யாரென்றே தெரியாது. ஊரில் அப்படியில்லை. கடை இருக்கும் இடம் ஒருவருடையது, குடியிருக்கும் வீடு இன்னொருவருடையது. ‘அவங்களுக்கு வெட்டுற கத்தரியால எங்களுக்கு வெட்டாதே’ என்று ஒரு நாள் சாயங்காலம் நாலு பேர் வந்து சொன்னால், மறுநாள் காலையில் கடை திறக்க முடியாது. என் அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா சட்டம் பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையை மாற்றினார். அப்பாவுக்கு மாற்ற ஓர் இடம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் சொன்னபடி நடந்தார்கள். மறுத்ததைச் சரி என்று சொல்லவில்லை. உட்கார வைக்காதவன் கையிலும் கத்தரிதான் இருந்தது, வேறொன்றும் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

அதனால்தான் 18 யூரோவை வாங்கிக்கொண்டு சில்லறை கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. காசு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது பிராயச்சித்தம் போல் ஆகியிருக்கும். அவன் அங்கே வாடிக்கையாளராக உட்கார்ந்தான். வாடிக்கையாளராகவே காசு கொடுத்தான்.

---

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

நான் படித்த விதமே தவறு என்று இப்போது தெரிகிறது. நகரத்தில் வளர்ந்ததன் குறை. திரும்பப் படித்தபோது ‘ஆமா, உண்டு’ என்ற இரண்டு சொல் வேறு விதமாகக் கேட்டது. என்றாலும் ஒரு கேள்வி. என்னைப் போன்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. எங்களுக்காக ஒரே ஒரு வரி தடயம் வைக்கக் கூடாதா?

---

கூந்தன்குளம் எழுதியது:

இரண்டு விஷயம். ஒன்று கதையின் ஓட்டை. பையன் முதுநிலை படிக்கப் போயிருக்கிறான். அப்படியானால் ஊரில் நான்கு ஆண்டு பொறியியல் கல்லூரியில் இருந்திருப்பான். விடுதிப் பையன்கள் டவுனில்தான் வெட்டிக்கொள்வார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா ஏன் வெட்டினார்? கல்லூரி முடித்துப் பணத்துக்கும் விசாவுக்கும் ஓடிய மாதங்களில் ஊரிலேயே இருந்தான் என்று சமாளிக்கலாம், ஆனால் எனக்கு அது போதவில்லை. விமானத்துக்கு முந்தைய இரவு அப்பா தானாகவே கத்தரியை எடுத்து வந்தார், பையன் வேண்டாம் என்று சொல்லாமல் முற்றத்தில் உட்கார்ந்தான் என்று வைத்துப் பாருங்கள். அப்போது அந்தக் கோணல் முடி அவனுக்கு அவமானமாக மட்டும் இருக்காது.

மற்றது ‘நீங்க’. கடைக்காரர் தொடக்கத்தில் ‘சொல்லுதீய’ என்கிறார். அப்போது அவருக்குப் பையன் யாரென்று தெரியாது. ஊர்ப் பக்கம் தெரு தெரிந்ததும் ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகிவிடும். சில தெருக்காரர்களிடம் மூன்று வயதுக் குழந்தைக்கும் ‘நீங்க’, சில தெருக்காரர்களிடம் கிழவருக்கும் ‘நீ’. இந்தக் கதையில் தெரு தெரிந்த பிறகும் ‘அடுத்த மாசம் வாங்க’ என்கிறார். தெரிந்தே எழுதினீர்களா?

---

பொதிகைச்சாரல் எழுதியது:

உண்மையைச் சொன்னால், தெரிந்து எழுதவில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவதாக நினைத்துத்தான் எழுதினேன். இனி அந்த ‘வாங்க’வை மாற்ற மாட்டேன்.

முந்தைய இரவு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். வாசகி அவர்கள் கேட்ட தடயமும் அங்கேயே அமைந்துவிடும் என்று தோன்றுகிறது. இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘அப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் தலையில் ஊற்றினார். முக்குச் சலூனில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் தெரு முனை வரை வந்தது. இவர்கள் தெரு வரைக்கும் வரும் சத்தத்தை யாரும் தடுத்ததில்லை. வெட்டி முடித்ததும் அப்பா ஈரத் தலையைத் தடவிப் பார்த்து, படிஞ்சிருக்கு என்றார்.’

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

முடி வளர்ச்சி விஷயத்தில் என் கணக்கு தவறு. சாணைக்கல் தம்பி சொன்னது சரி. காலப் பிழை என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஊர்களில் கண்டதை வைத்துப் பேசினேன். நான் காணாத தெருவும் இருந்திருக்கலாம். நடையைப் பற்றி ஒன்று: ‘இவர்கள் தெரு வரைக்கும் வரும் சத்தத்தை யாரும் தடுத்ததில்லை’ என்ற வரி ஆசிரியர் குரலாக ஒலிக்கிறது. மற்ற இடங்களில் நீங்கள் வாய் திறக்கவில்லை. அங்கே மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

---

எல்பேக்கரை எழுதியது:

எனக்கு அந்த வரி வேண்டும். அது இல்லாவிட்டால் இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு டியூப்லைட் வெறும் டியூப்லைட்தான்.

---

சாணைக்கல் எழுதியது:

வரியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தொழிலில் ஒன்று மட்டும். உச்சியில் கத்தரி வைக்காமல் விட்டதாகச் சொல்லும் கடைக்காரர் அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு வெட்டும் நேரம் எடுத்துக்கொண்டார் என்கிறீர்கள். அவ்வளவு நேரம் எங்கே வெட்டினார்? சுழியைச் சுற்றியுள்ள முடியைத்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருப்பார், நடுவில் நிற்பது தனியாகத் தெரியாமல் கலந்துவிடுகிற மாதிரி. சீப்பை நட்டு, முடி நுனியை மட்டும், உலர்ந்த முடியாகவே வைத்து வெட்ட வேண்டும். அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை அவர் கையில் எடுத்து, திரும்பக் கீழே வைத்துவிட்டார் என்று எழுதினால் போதும்.